எழுதிவிட்டு வா: தேர்வுக்கு முந்தைய இரவில் எந்த வாழ்த்தை அனுப்புவது?

சென்ற மார்ச்சில், பிளஸ் டூ இயற்பியல் தேர்வுக்கு முந்தைய மாலை, மதுரையில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பேசியை அக்கா வாங்கி, கூடத்தில் சார்ஜில் போட்டிருந்தாள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் அதன் திரை பதினோரு முறை ஒளிர்ந்து அணைந்தது. அத்தனையும் வாழ்த்துச் செய்திகள். ஒருவர் பிள்ளையார் படத்தோடு அனுப்பியிருந்தார். இன்னொருவர் ‘சென்டம் நிச்சயம்’ என்று எழுதியிருந்தார். ஓர் ஒன்றுவிட்ட சித்தப்பா, தம் காலத்து 1200 மதிப்பெண் நினைவிலேயே இருந்தாரோ என்னவோ, ‘ஆயிரத்துக்குக் கீழே வராதே’ என்று எழுதியிருந்தார். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2019 முதல் 600தான் என்பது அவருக்கு இன்னும் எட்டவில்லை.

சிரித்துவிட்டுப் பார்த்தால், என் கைப்பேசியிலும் பாதி தட்டிய வாழ்த்து ஒன்று அனுப்பாமல் கிடந்தது. நான் இயற்பியல் முதுகலை ஆசிரியர். மற்றப் பாடங்களின் தேர்வு நாட்களில் வேறு பள்ளிகளில் அறைக் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ஓர் அறைக்கு இருபது பேர் என்று, வினாத்தாளைப் பிரிக்கும் அந்தக் கணத்து முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் சொந்த மருமகளுக்கு இரண்டு வரி எழுத என்னால் முடியவில்லை. நான் எழுதக்கூடியவையாக நான்கு வகை வாழ்த்துகள் எனக்குத் தெரிந்தன. அன்று அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, பொறுப்பை நினைவூட்டும் வாழ்த்து. ‘அம்மா உனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், குடும்பமே உன்னைத்தான் நம்பியிருக்கிறது, நன்றாக எழுது’ என்பது அதன் வடிவம். இதைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை என்பதுதான் இதன் வலிமை. அதனாலேயே மறுத்துப் பேச முடியாமல் பிள்ளை அதைச் சுமந்துகொள்கிறது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்ற பட்டியல் குடும்பங்களுக்குள் நிற்கவில்லை என்பதால், அரசு இறக்கி வைத்த சுமையை இந்த வாழ்த்து வீட்டு வாசலிலேயே மறுபடி ஏற்றிவிடுகிறது.

இதற்கு நெருக்கமான ஒன்றை இங்கிலாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு முன் ‘இதில் தேறாவிட்டால் நல்ல வேலை கிடைக்காது’ என்பது போல் ஆசிரியர்கள் மாணவர்களை எச்சரிப்பது அங்கே வழக்கம். டேவிட் பட்வைன், ரிச்சர்ட் ரெமடியோஸ் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எச்சரிக்கையை அச்சுறுத்தலாக உணர்ந்த மாணவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் குறைவாகவும், தேர்வு மதிப்பெண் தாழ்வாகவும் இருந்ததைக் கண்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘உணர்ந்த’ என்பதே. ஒரே வாக்கியம் தன்மேல் நம்பிக்கையுள்ள ஒருவனுக்குச் சவாலாகவும், பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு மிரட்டலாகவும் கேட்கக்கூடும். சொல்பவருக்கோ அது எப்படிக் கேட்டது என்று தெரிவதில்லை. படிக்காமல் ஊர் சுற்றும் பையனுக்கு அக்டோபரில், காலாண்டு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படிப் பேசினால் பயன் இருக்கலாம், ஏனென்றால் பயந்தாலும் படிப்பதற்கு ஐந்து மாதங்கள் மிச்சம் இருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் அந்தப் பயத்தைக் கொண்டுபோய்ச் செலவிட இடமே இல்லை.

இரண்டாவது, உறுதி சொல்லும் வாழ்த்து. ‘உனக்கென்ன, நீ கெட்டிக்காரி, சென்டம் உன் பையில்’ என்று எழுதுவது. என் கைப்பேசியில் பாதி கிடந்தது இதுதான். நான்கில் அன்பு மிகுந்ததாகத் தோன்றுவதும், அதிகம் அனுப்பப்படுவதும், என் கணிப்பில் மிகவும் ஏமாற்றுவதும் இதுவே. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இயற்பியலில் சென்டம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பின்னிரண்டும் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும் என்பதால், சென்டம் வேண்டுமானால் எழுத்தில் எழுபதுக்கு எழுபதும் வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து, ஒன்பதில் ஆறு எழுத வேண்டிய இரண்டு மதிப்பெண் வினாக்கள், அதேபோல் ஒன்பதில் ஆறு மூன்று மதிப்பெண் வினாக்கள், இது அல்லது அது என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. இரண்டு மதிப்பெண் பகுதியில் 24ஆம் வினாவும், மூன்று மதிப்பெண் பகுதியில் 33ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவற்றைத் தள்ளிவிட்டு வேறொன்றை எழுத முடியாது. அவை பெரும்பாலும் கணக்குகளாக இருக்கும். பாடப்புத்தகத்தில் பார்த்திராத திருப்பத்தோடும் வரலாம்.

இனி என் மருமகளை அந்த அறையில் வைத்துப் பார்ப்போம். பத்து மணிக்கு மணி அடித்து வினாத்தாள் கொடுக்கப்படுகிறது. படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட ஐந்து நிமிடம் போக, 10.15க்கு எழுதத் தொடங்குகிறார்கள். படிக்கும் பத்து நிமிடத்திலேயே 24ஆம் வினா அவளுக்குப் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘சென்டம் உன் பையில்’ என்ற வரியோடு உள்ளே போனவளுக்கு, ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன்பே அந்த வாக்கு உடைந்துவிட்டது. இன்னும் மூன்று மணி நேரமும் 68 மதிப்பெண்ணும் அப்படியே அவள் முன் இருக்கின்றன; ஆனால் அவள் காக்க வந்த பொருள் கையைவிட்டுப் போயிற்று. இந்த நிலையில் சில பிள்ளைகள் 24ஐ விட மனமில்லாமல் அதிலேயே கால் மணி நேரத்தைக் கரைப்பார்கள். பிறகு கடைசி ஐந்து மதிப்பெண் வருவித்தலைப் பாதியில் விட்டு எழுவார்கள். இரண்டு மதிப்பெண்ணுக்காகப் பிடித்த பிடிவாதம் ஐந்தைக் கொண்டுபோகும். கணிதத் தேர்வு அறைகளில் இதே காட்சியை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன்: மற்றவர்கள் கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்தும் நேரத்தில், முதல் வரிசையில் உள்ள நல்ல மாணவி ஒருத்தி இரண்டாம் பக்கத்திலேயே அடித்து அடித்து எழுதிக்கொண்டிருப்பாள்.

‘கெட்டிக்காரி’ என்ற பாதியிலும் சிக்கல் இருக்கிறது. கிளாடியா மியூலர், கேரல் டுவெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அமெரிக்காவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் எளிய புதிர்களைக் கொடுத்து, முடித்தவர்களில் சிலரை அறிவாளி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரையும் திணற வைத்து, மீண்டும் எளிய புதிர்களைக் கொடுத்தபோது, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவும், உழைப்புக்குப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட அதிகமாகவும் செய்தார்கள். இரண்டு பாராட்டும் வழி சுகமாக இருக்கும்வரை ஒரே மாதிரிதான் இனித்தன. வேறுபாடு இடறிய பிறகே தெரிந்தது. கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பப்பட்டவளுக்கு, தெரியாத வினா என்பது அந்தப் பெயருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு வேதியியல் தேர்வன்று காலை, ‘இருநூற்றுக்கு இருநூறு கட்-ஆஃப் காத்திருக்கிறது’ என்று அனுப்பினேன். பொறியியல் கட்-ஆஃபில் கணிதம் நூறுக்கும், இயற்பியலும் வேதியியலும் தலைக்கு ஐம்பதுக்குமாகக் கணக்கிடப்படுவதால், வேதியியலில் போகும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணாகக் குறையும். அவன் அதை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டே எழுதியிருக்கிறான். ‘ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் எவ்வளவு போச்சுன்னு கழிச்சுட்டே இருந்தேன் மாமா’ என்று அவன் பிற்பாடு சொன்னபோது, கழித்தல் குறியை அவன் கையில் கொடுத்தவனே நான்தான் என்று புரிந்தது.

மூன்றாவது, சுமையை இறக்க முயலும் வாழ்த்து. ‘மதிப்பெண் எல்லாம் ஒரு விஷயமே இல்லை, டென்ஷன் ஆகாதே’ என்பது இது. முந்தைய இரண்டின் தீமையை அறிந்தவர்கள் இதற்குத்தான் தாவுகிறார்கள். ஆனால் ஓராண்டு முழுதும் காலை ஐந்து மணி டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்ட வீட்டிலிருந்து முந்தைய இரவில் இந்த வரி வந்தால், பிள்ளை அதை நம்பாது. அதைவிட மோசமாக, ‘நான் சொதப்பிவிடுவேன் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டார்களா’ என்றும் அதற்குக் கேட்கக்கூடும். பதறாதே என்பதும் கைகூடாத கட்டளைதான்: நெஞ்சு படபடப்பதை யாரும் சொல்லி நிறுத்த முடிவதில்லை, நிறுத்த முடியவில்லையே என்பது இன்னொரு கவலையாகச் சேர்ந்துகொள்கிறது. ஜெரமி ஜேமிசனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் உதவுகிறது. அமெரிக்காவில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், படபடப்பு தேர்வைக் கெடுக்காது, உதவவும் கூடும் என்று மட்டும் முன்கூட்டிச் சொன்னார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே ‘பதறாதே’ என்பதைவிட ‘கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், எழுத ஆரம்பித்தால் கை பழகிவிடும்’ என்பது மேலானது.

இந்த மூன்றாவது வகைக்கு உரிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேர்ச்சிக் கோடான 35ஐத் தொடுவோமா என்று தவிப்பவனுக்கு, போனாலும் ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது, ஆண்டு வீணாகாது என்பது உண்மையான ஆறுதல், ஏனென்றால் அவன் பயப்படும் பொருளுக்கே அது விடை சொல்கிறது. அதே வரியைத் தொண்ணூற்றெட்டுக்கும் நூறுக்கும் நடுவே தவிப்பவளிடம் சொன்னால் அவமதிப்பாக இருக்கும். வாழ்த்துக்கு முன், இந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மூன்றாவதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நான்காவது, அறைக்குள் அவள் கையால் செய்யக்கூடியதை மட்டும் சொல்லும் வாழ்த்து. இதை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என் பாட்டி சொன்ன பழைய வாக்கியத்திலிருந்தே எடுத்தேன். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அவள், நான் தேர்வுக்குக் கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் திருநீறு பூசி, ‘நல்லா எழுதிட்டு வாய்யா’ என்று மட்டும் சொல்வாள். அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். அதில் எழுதுவது இருக்கிறது, மதிப்பெண் எடுப்பது இல்லை. எழுதுவது என் கையில் உள்ள வேலை, எடுப்பதோ திருத்துபவர், வினா அமைத்தவர் எல்லோரும் சேர்ந்து முடிப்பது. வாக்கியத்தின் வினைமுற்றோ ‘எழுது’ என்பதுகூட இல்லை, ‘வா’ என்பது. எப்படி எழுதினாலும் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்பதை அவள் தனியாகச் சொல்லவில்லை, மொழியே சொல்லிவிட்டது. மூன்றாவது வகை வாழ்த்து பத்து வாக்கியத்தில் சொல்ல முயன்று நம்ப வைக்க முடியாததை இந்த ஒற்றை வினைமுற்று செய்துவிடுகிறது. திருநீறும் அப்படித்தான். கடலூர் அருகே திருவகீந்திரபுரத்து ஹயக்ரீவர் சந்நிதியில் தேர்வுக் காலத்தில் பேனாவை வைத்து வாங்குவதும் அப்படித்தான். அவை பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை, கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புகின்றன.

அப்படியானால் எதைக் கையில் கொடுப்பது? ஆசிரியன் என்பதால் நான் அறிவுரை மூட்டையை அவிழ்த்துவிடும் ஆபத்து இருந்தது. முந்தைய இரவில் ஐந்து அறிவுரை சொன்னால் அதுவும் ஒரு பாடமாகி, மறந்துவிடக் கூடாதே என்ற கவலையைக் கூட்டும். எனவே ஒரே ஒரு செயல், அதுவும் அவள் திருப்புதல் தேர்வுகளில் ஏற்கெனவே செய்து பழகியதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவளுக்கு அது, தெரியாத வினாவுக்கு இடம் விட்டுவிட்டு நகர்வது. புதிதாக ஒரு முறையை அன்றிரவு கற்றுக்கொடுப்பது கூடவே கூடாது. அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லையென்றால் நான் ‘எழுதிவிட்டு வா’ என்பதோடு நிறுத்தியிருப்பேன்.

இந்த வகைக்கும் குறை உண்டு. கேட்பதற்கு இது வறட்சியாக இருக்கும். ‘நீ நிச்சயம் ஜெயிப்பாய்’ என்ற வரியில் வரும் கதகதப்பு இதில் வராது, அந்தக் கதகதப்பை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைக்கு மாமாவுக்கு என்மேல் நம்பிக்கையில்லை என்று தோன்றவும் கூடும். அதை ஈடுகட்ட, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லலாம்: அவள் ஏற்கெனவே செய்த வேலையைப் பற்றிய உண்மை எந்த வினாத்தாளாலும் பொய்யாகாது. ‘செய்வாய்’ என்பது நாளை உடையலாம். ‘செய்திருக்கிறாய்’ என்பது உடையாது.

எதைச் சொல்வது என்பதைப் போலவே எப்போது, எத்தனை பேர் சொல்வது என்பதும் முடிவு செய்ய வேண்டியதே. தேர்வுக் காலை ஏழு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு, வாழ்த்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சூத்திரத் தாளிலிருந்து கண்ணை எடுக்க வைக்கும். கூடவே எல்லோருக்கும் ‘தேங்க்ஸ்’ சொல்லும் கடமையையும் தரும். பன்னிரண்டு உறவினர்கள் ஆறு தாள்களுக்கும் வாழ்த்தினால் எழுபத்திரண்டு செய்திகள். அவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே பாரமற்றது. சேர்த்துப் பார்த்தால் பிள்ளையின் பார்வைக்கு ஊரே கூடி நின்று பார்க்கும் மைதானம். முதல் தாளுக்கு முந்தைய மாலை ஒருமுறை, பதில் வேண்டாம் என்ற குறிப்போடு அனுப்பினால் போதும் என்பது என் முடிவு. எங்கள் குடும்பக் குழுவில் இதைச் சொன்னபோது, ‘வாழ்த்தக்கூட உரிமை இல்லையா’ என்று ஒரு சித்தி கோபித்துக்கொண்டார். அவரை வாழ்த்தை அக்காவிடம் சொல்லச் சொன்னோம். தேவையானதைத் தேவையான நேரத்தில் அவளே மகளிடம் சேர்ப்பாள்.

வாழ்த்து அழுத்தமாக மாறிவிட்டதா என்பதைப் பதிலிலிருந்து கண்டுகொள்ளலாம். ‘சரி மாமா’, ஒரு கட்டைவிரல் படம், அல்லது மௌனம் வந்தால் கவலையில்லை. ஆனால் ‘இந்த வருஷம் பிசிக்ஸ் டஃப்பா வருமாம்’, ‘ஒரு யூனிட் சரியா பாக்கல’ என்பது போல் வந்தால், அவள் நம் எதிர்பார்ப்பை முன்கூட்டியே இறக்கி வைக்கப் பார்க்கிறாள் என்று பொருள். அதற்கு ‘அதெல்லாம் நீ பாத்துக்குவே’ என்று மறுபடி ஏற்றக் கூடாது, ‘ஆமாம், ஒரு யூனிட் போனால் போகட்டும்’ என்று ஒத்துக்கொள்வதே சரி. தூக்கமில்லாமை, சாப்பாடு இறங்காமை, ‘ஃபெயில் ஆனா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல’ என்பது போன்ற பேச்சு ஆகியவை வந்தால் அது வாழ்த்தின் எல்லையைத் தாண்டிய விஷயம். அங்கே யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். அரசின் 14417, 104 உதவி எண்களும் இருக்கின்றன.

வாழ்த்து தேர்வு முடிந்ததும் முடிந்துவிடுவதில்லை என்பதை நான் தாமதமாகக் கற்றேன். 1.15க்கு வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்விதான், முந்தைய இரவு சொன்னது மெய்யா பொய்யா என்று காட்டிக்கொடுக்கும். ‘எழுதிட்டு வா’ என்று அனுப்பிவிட்டு வாசலில் ‘எத்தனை வரும்?’ என்று கேட்டால், நாம் மதிப்பெண்ணைத்தான் மனத்தில் வைத்திருந்தோம் என்று அடுத்த தாளுக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மணிக்குள் வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும் ஒரு மதிப்பெண் விடைக்குறிப்பை அவளோடு சேர்ந்து சரிபார்ப்பதும் அதே கேள்விதான்.

கடைசியில் நான் அனுப்பியது இவ்வளவே: ‘பாப்பா, மூணு திருப்புதல் தேர்விலேயும் தெரியாத கேள்விக்கு இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போனே, பாத்திருக்கேன். நாளைக்கும் அப்படியே. எழுதிட்டு வா. எனக்கு நாளைக்கு அறைப் பணி இல்லை, ஒண்ணே காலுக்கு கேட்டுக்கு எதிர்ல வேப்பமரத்தடியில வண்டியோட நிக்கிறேன். பதில் வேண்டாம்.’

பதில் வேண்டாம் என்று சொல்லியும் இரவு ஒன்பதே முக்காலுக்கு, அக்காவிடம் கெஞ்சி ஒரு நிமிடம் கைப்பேசியை வாங்கி, அவள் பதில் அனுப்பினாள். அதில் இயற்பியலைப் பற்றி ஒன்றுமில்லை. ‘வரும்போது ஜிகர்தண்டா, பெரிய கிளாஸ்’ என்றிருந்தது. மறுநாள் வெயிலில் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, 24ஆம் வினா எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை நானும் ஒரு மடக்கு குடித்து விழுங்கினேன்.